வெள்ளம் புகுந்த சம்ப்: பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போட வேண்டும்?

சென்னையில் ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் ஒரே குழப்பம் திரும்பி வருகிறது. 2015 டிசம்பரில் அடையாறு கரை தாண்டியபோதும் சரி, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையால் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் தேங்கி நின்றபோதும் சரி, வீட்டுக்குக் கீழே இருக்கும் சம்ப்பை என்ன செய்வது என்று யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் ஒருவர் ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் போதும் என்கிறார். இன்னொருவர் 5 கிராம் என்கிறார். மூன்றாமவர் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார். கைப்பிடிக் கணக்கைத் தள்ளிவிடலாம். முதல் இரண்டு எண்களும் தவறில்லை. ஆனால் உங்கள் சம்ப்புக்கு எது பொருந்தும் என்பதை அந்த எண்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஏன் முடியாது, வீட்டிலேயே அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

தண்ணீர் எப்படிக் கெடுகிறது

சம்ப் மூடி பெரும்பாலும் கார் நிறுத்தும் இடத்தில், தரையோடு தரையாக இருக்கும். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் மூடியின் இடுக்கு வழியாக உள்ளே இறங்கிவிடும். அது வெறும் மழைத்தண்ணீர் அல்ல. தெருவின் கழிவுநீர் மேன்ஹோல் அதற்கு முன்பே நிரம்பி வழிந்து, அந்தத் தண்ணீரோடு கலந்திருக்கும்.

மூடிக்கு மேல் தண்ணீர் ஏறாத வீடுகளிலும் முழு நிம்மதி கிடையாது. மெட்ரோ வாட்டர் குழாயில் எந்நேரமும் அழுத்தம் இருக்காது. சப்ளை இல்லாத நேரத்தில் குழாய் காலியாக இருக்கும். வெளியே ஈர மண்ணில் கழிவுநீர் நிற்கும்போது, குழாயின் இணைப்புகளில் உள்ள சின்னக் கசிவுகள் வழியாக அது உள்ளே போகும். அடுத்த முறை தண்ணீர் விடும்போது முதலில் நம் வீட்டுக்கு வருவது அதுதான். அதனால் மழை நின்றபின் வரும் முதல் சப்ளையைக் கொஞ்ச நேரம் வெளியே விட்டுவிட்டு, நிறமும் வாடையும் பார்த்த பிறகே சம்ப்புக்குத் திருப்ப வேண்டும்.

இப்படி வரும் கேட்டை மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

1. கிருமிகள். காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை ஆகியவற்றை உண்டாக்குபவை. கொதிக்க வைப்பதும் குளோரினும் இவற்றுக்கு எதிரானவை.
2. கலங்கல். மண், சேறு, அழுகிய இலைதழை. இதுவே நோய் தராமல் போகலாம். ஆனால் கிருமிகள் இதற்குள் ஒளிந்துகொள்ளும். குளோரினையும் இது தின்றுவிடும்.
3. கரைந்தவையும் மிதப்பவையும். உப்பு, எண்ணெய், பூச்சிமருந்து, தொழிற்சாலைக் கழிவு. மிக்ஜாம் சமயத்தில் எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் பரவியது பலருக்கு நினைவிருக்கும். இவற்றைக் கொதிக்க வைத்தாலும் போகாது, குளோரின் போட்டாலும் போகாது. கொதிக்கக் கொதிக்க உப்பு இன்னும் கூடும். தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் படலம் மிதந்தாலோ மண்ணெண்ணெய் வாடை அடித்தாலோ, அந்தத் தண்ணீரை வீட்டில் சுத்தம் செய்யப் பார்க்காதீர்கள். வேறு தண்ணீர்தான் தேட வேண்டும்.

இனி சொல்வதெல்லாம் முதல் இரண்டு வகைக்கு மட்டும்.

செய்யக்கூடாத முதல் வேலை: மோட்டார் போடுவது

கரண்ட் வந்ததும் கை தானாக மோட்டார் சுவிட்சுக்குப் போகும். வெள்ளத்தில் நனைந்த மோட்டாரில் ஷாக் அடிக்கும் என்பது ஒரு காரணம். இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. அதுவரை சம்ப்பில் மட்டும் இருந்த சாக்கடைத் தண்ணீர் ஒரே ஓட்டத்தில் மொட்டைமாடித் தொட்டிக்கும், அங்கிருந்து ஒவ்வொரு வீட்டுக் குழாய்க்கும் வாட்டர் பியூரிஃபயருக்கும் போய்விடும். ஒரு தொட்டியைக் கழுவ வேண்டியவர்கள் மொத்தக் கட்டடத்தையும் கழுவ வேண்டியதாகிவிடும். எனவே முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். மொட்டைமாடித் தொட்டியில் வெள்ளத்துக்கு முன்பு ஏற்றிய தண்ணீர் இருந்தால், அதுதான் இப்போது வீட்டில் இருக்கும் நல்ல தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் அதை ஒதுக்கி வைக்கலாம். காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.

சம்ப்பைக் காலி செய்து கழுவுவது

வெள்ளத்தண்ணீர் புகுந்த சம்ப்பில் அப்படியே பிளீச்சிங் பவுடரைக் கொட்டிக் குடிக்க முடியாது. அதில் இருக்கும் சேறும் மலக்கழிவும் எவ்வளவு குளோரின் போட்டாலும் விழுங்கிவிடும். வாடகை பம்ப் வைத்து முழுவதையும் வெளியே இறைத்து, அடியில் படிந்த சேற்றை வாளியில் அள்ளி எடுத்துவிட வேண்டும்.

சம்ப்புக்குள் ஆள் இறங்குவது உண்மையிலேயே உயிர் போகக்கூடிய வேலை. மூடிக் கிடந்த குழிக்குள் மூச்சு விடக் காற்று இல்லாமல் போயிருக்கலாம், சாக்கடை வாயு தேங்கியிருக்கலாம். எல்லா மூடிகளையும் நன்றாகத் திறந்து வைத்து, ஃபேன் வைத்துக் காற்றடித்து, வெளியே ஒருவர் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். முடிந்தவரை நீளக் கம்பு கட்டிய பிரஷால் மேலிருந்தே தேய்ப்பதுதான் நல்லது. இன்னொன்று, பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டையோ டாய்லெட் கிளீனரையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குழிக்குள் அது ஆளைக் கொன்றுவிடும்.

தேய்த்து முடித்தபின் சுவர்களுக்குக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். தொட்டி முழுக்கத் தண்ணீர் நிரப்பி, நிறைய குளோரின் கலந்து ஒரு நாள் ஊறவிட்டுக் கொட்டுவது ஒரு முறை. தண்ணீரே கிடைக்காத நேரத்தில் ஆயிரக்கணக்கான லிட்டரைக் கொட்ட யாருக்கு மனசு வரும்? அதற்குப் பதிலாக 10 லிட்டர் வாளித் தண்ணீரில் சுமார் 8 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து, அந்தக் கரைசலைச் சுவரிலும் தரையிலும் நன்றாகப் படும்படி பூசியோ தெளித்தோ, அரை மணி நேரம் ஈரம் காயாமல் விட்டு, பிறகு கொஞ்சம் நல்ல தண்ணீரால் அலசி இறைத்துவிட்டால் போதும். இந்தக் கரைசலைத் தயாரிக்கும்போதே கண் எரியும். கையுறை, மூக்கைச் சுற்றித் துணி, திறந்த வெளி மூன்றும் வேண்டும்.

குளோரினின் வரவு செலவுக் கணக்கு

இப்போது லாரித் தண்ணீரோ மெட்ரோ வாட்டரோ விட்டு சம்ப்பை நிரப்பியாகிவிட்டது. எவ்வளவு பவுடர் போடுவது?

தண்ணீரில் போட்ட குளோரின் அத்தனையும் கிருமியோடு மோதுவதில்லை. முதலில் அது தண்ணீரில் இருக்கும் அழுக்கு, இரும்பு, அம்மோனியா எல்லாவற்றோடும் சேர்ந்து செலவாகும். இந்தச் செலவுக்குக் குளோரின் தேவை என்று பெயர். அந்தச் செலவு போக மீந்து நிற்பதை எஞ்சிய குளோரின் என்பார்கள். தண்ணீர் தேங்கி நிற்கும்போதும், குடத்தில் யாராவது கை விட்டுவிடும்போதும் காப்பாற்றுவது இந்த மீதிதான். குளோரின் கலந்து 30 நிமிடம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. சாதாரண நாளில் 0.2 இருந்தால் இந்தியக் குடிநீர்த் தரத்துக்குப் போதும். கிருமிப் பரவல் பயம் இருக்கும்போது 0.5 வேண்டும்.

ஆக, குறிவைக்க வேண்டியது போடும் அளவை அல்ல, எஞ்சும் அளவை. தெளிவான ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்கு ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் சரியாக இருக்கலாம். கொஞ்சம் மங்கலான லாரித் தண்ணீருக்கு 5 கிராமும் பத்தாமல் போகலாம்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிளீச்சிங் பவுடர் புதிதாக இருக்கும்போது எடையில் 25 முதல் 35 சதவீதம் வரை வேலை செய்யும் குளோரின் இருக்கும். பாக்கெட்டைத் திறந்து, ஈரக்காற்றுப் பட்டு, கடை ஓரத்தில் கிடந்தால் அது இறங்கிக்கொண்டே போகும். கட்டி தட்டி, வாடையே இல்லாமல் கிடக்கும் பவுடர் கிட்டத்தட்ட சுண்ணாம்புதான். வெள்ளம் வந்தபின் அவசரத்தில் வாங்கும் பாக்கெட் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. தண்ணீரின் தேவையும் தெரியாது, பவுடரின் பலமும் தெரியாது என்றால் எந்தச் சூத்திரத்தாலும் பலனில்லை.

மூன்று கேன் சோதனை

இரண்டு சிக்கலையும் ஒரே அடியில் தீர்க்கும் ஒரு வழி இருக்கிறது. பேரிடர் முகாம்களில் தண்ணீர் வேலை பார்ப்பவர்கள் வாளிகளை வைத்துச் செய்வது இது. நம் ஊரில் 20 லிட்டர் தண்ணீர் கேன் எல்லா வீட்டிலும் இருப்பதால் இன்னும் சுலபம். தேவையானவை: மூன்று காலி கேன், ஊசி இல்லாத மருந்து சிரிஞ்ச், சமையலறைத் தராசு, குளோரின் சோதனை கிட். நீச்சல்குளச் சாமான் விற்கும் கடைகளில் கிட் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக ஒரு சம்ப்பை வைத்துக்கொள்வோம். நீளம் 3 மீட்டர், அகலம் 2 மீட்டர், தண்ணீர் நிற்கும் உயரம் 1.5 மீட்டர். பெருக்கினால் 9 கன மீட்டர், அதாவது 9,000 லிட்டர்.

1. பிளாஸ்டிக் பாத்திரத்தில் 40 கிராம் பவுடரை எடுத்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு இட்லி மாவு பதத்துக்குக் குழைத்து, பிறகு மொத்தம் ஒரு லிட்டர் ஆகும்வரை தண்ணீர் சேர்த்துக் கலக்குங்கள். பத்து நிமிடம் விட்டால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்து நிற்பதை மட்டும் வேறு பாட்டிலில் வடித்துக்கொள்ளுங்கள். பவுடரில் 25 சதவீதம் குளோரின் இருந்தால் இது ஏறக்குறைய 1 சதவீதக் கரைசல்.
2. மூன்று கேனிலும் சம்ப் தண்ணீரை 20 லிட்டர் நிரப்புங்கள். முதல் கேனில் 2 மில்லி, இரண்டாவதில் 4 மில்லி, மூன்றாவதில் 6 மில்லி கரைசலை சிரிஞ்சால் அளந்து விட்டுக் கலக்குங்கள். லிட்டருக்கு 1, 2, 3 மில்லிகிராம் குளோரின் போட்டதாகக் கணக்கு.
3. 30 நிமிடம் பொறுங்கள். இந்த அரை மணியைக் குறைக்கக் கூடாது.
4. ஒவ்வொரு கேனிலும் எஞ்சிய குளோரினைப் பாருங்கள். முதல் கேனில் நிறமே வரவில்லை, இரண்டாவதில் 0.5, மூன்றாவதில் 1.5 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் இந்தத் தண்ணீர் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தின்றுவிடுகிறது. நமக்கு வேண்டிய அளவு இரண்டாவது கேன்.
5. 20 லிட்டருக்கு 4 மில்லி என்றால் 9,000 லிட்டருக்கு 1,800 மில்லி. அதே பாட்டிலில் இருக்கும் கரைசல் போதாது. அதே பாக்கெட்டிலிருந்து அதே விகிதத்தில், அதாவது 72 கிராம் பவுடரில் 1.8 லிட்டர் கரைசல் தயாரித்து, தெளிவை மட்டும் சம்ப்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். அரை மணிக்குப் பிறகு சம்ப்பிலிருந்து ஒரு தம்ளர் எடுத்து மறுபடி சோதிக்க வேண்டும்.

பவுடர் பலவீனமாக இருந்தாலும் இந்தக் கணக்கு கெடாது. ஏனென்றால் கேனில் விட்டதும் சம்ப்பில் விடப்போவதும் ஒரே பாக்கெட். பவுடரில் பாதிப் பலம்தான் இருக்கிறது என்றால் கேன் சோதனையிலேயே அதிக மில்லி கேட்கும்; சம்ப்புக்கும் அதே அளவில் கூட்டிப் போடுவோம்.

மூன்றாவது கேனிலும் நிறம் வரவில்லை என்றால் 8, 10 மில்லி என்று கூட்டிப் பாருங்கள். அப்போதும் ஒன்றும் வராவிட்டால் தப்பு தண்ணீரிலா பவுடரிலா என்று பார்க்க வேண்டும். கடையில் வாங்கிய சீல் உடையாத கேன் தண்ணீரில் 2 மில்லி விட்டு உடனே சோதியுங்கள். அதிலும் நிறம் இல்லையென்றால் பவுடர் செத்துவிட்டது. நிறம் வந்தால் பவுடர் நன்றாக இருக்கிறது. சம்ப் தண்ணீர்தான் அளவுக்கு மீறி அழுக்காக இருக்கிறது. அதைக் குடிக்க எடுக்காமல் தரை கழுவவும் கழிப்பறைக்கும் விட்டுவிடலாம்.

சோதனை ஏமாற்றும் இடங்கள்

கிட்டில் இரண்டு வகை உண்டு. ஆர்த்தோடோலிடின் சொட்டு விட்டால் தண்ணீர் மஞ்சளாகும். டிபிடி மாத்திரை போட்டால் இளஞ்சிவப்பாகும். சாக்கடை கலந்த தண்ணீரில் அம்மோனியா இருக்கும். குளோரின் அதோடு சேர்ந்து குளோரமின் ஆகிவிடும். குளோரமினுக்குக் கிருமியைக் கொல்லும் வேகம் மிகக் குறைவு. ஆனால் மஞ்சள் சொட்டு அதையும் குளோரினாகவே காட்டிவிடும். சொட்டு விட்ட உடனே தோன்றும் மஞ்சளைத்தான் நம்ப வேண்டும். நிமிடக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறும் மஞ்சள் பெரும்பாலும் குளோரமின். முடிந்தால் டிபிடி வாங்குங்கள். வெள்ளத் தண்ணீருக்கு அதுதான் பொருத்தம்.

டிபிடியிலும் ஒரு பொறி இருக்கிறது. குளோரின் மிக அதிகமாக இருந்தால் சிவப்பு தோன்றிய நொடியே வெளுத்துவிடும். பார்ப்பவர் குளோரினே இல்லை என்று நினைத்து இன்னும் போடுவார். குளோரின் வாடை மூக்கைத் துளைக்கும்போது சோதனை சுழியம் காட்டினால், மாதிரித் தண்ணீரோடு கடையில் வாங்கிய கேன் தண்ணீரைச் சம அளவு கலந்து மறுபடி பாருங்கள்.

கிட் கிடைக்காதபோது மூக்குதான் துணை. அரை மணி கழித்து லேசாகக் குளோரின் வாடை வர வேண்டும். வராவிட்டால் இன்னொரு முறை அதே அளவு போட்டுக் காத்திருக்க வேண்டும். தோராயமான வழிதான் என்றாலும் ஒன்றும் பார்க்காமல் விடுவதை விட இது மேல்.

கலங்கலாக இருந்தால்

கண்ணாடித் தம்ளரில் எடுத்துப் பார்க்கும்போதே மங்கலாகத் தெரிந்தால், குளோரினுக்கு முன்பு தெளிய வைக்க வேண்டும். ஒரு குடத்தில் விட்டு இரவு முழுக்க அசையாமல் வைத்து, மேலே தெளிந்ததை நாலைந்து மடிப்பு பருத்தித் துணியில் வடிகட்டலாம். படிகாரக் கட்டியைத் தண்ணீரில் சில சுற்று சுழற்றி எடுத்தால் மண் திரண்டு சீக்கிரம் படியும். தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறம் தேய்த்துத் தண்ணீர் ஊற்றுவது நம் பழைய முறை. அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது. இவை எதுவும் எல்லாக் கிருமியையும் போக்காது. தெளிந்த தண்ணீரைப் பார்த்ததும் குடித்துவிடலாம் என்று தோன்றும். அது குளோரினுக்கோ அடுப்புக்கோ தயாராகியிருக்கிறது, அவ்வளவுதான்.

காய்ச்சுவதும் பியூரிஃபயரும்

குடிக்கும் தண்ணீருக்கு மட்டும் என்றால் காய்ச்சுவதே மிகவும் நம்பத்தக்கது. குமிழி பொங்கிப் புரளும் கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட்டால் போதும். பத்து இருபது நிமிடம் கொதிக்க விட்டு, கிடைக்காத கேஸை வீணாக்க வேண்டியதில்லை. குளோரினுக்கு அசையாத கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகளும் இதில் சாகும். அதனால் கைக்குழந்தைக்கும் நோயாளிக்கும் குளோரின் போட்ட தண்ணீரையும் காய்ச்சியே கொடுக்க வேண்டும். ஒரு குறை: காய்ச்சிய தண்ணீரில் எஞ்சிய குளோரின் கிடையாது. கை பட்டால் மறுபடி கெடும்.

ஆர்ஓ பியூரிஃபயருக்கும் இதே குறை உண்டு. அதிலிருக்கும் கார்பன் வடிகட்டி குளோரினை உறிஞ்சிவிடும். ஆக, அதன் தொட்டியில் நிற்பது பாதுகாப்பு எதுவும் இல்லாத தண்ணீர். வெள்ளத்தண்ணீர் ஒருமுறை அதற்குள் போயிருந்தால் வடிகட்டிகளை மாற்றி, உள்தொட்டியைக் கழுவும்வரை அதைப் பயன்படுத்த வேண்டாம். யூவி விளக்கும் கலங்கல் தண்ணீரில் சரியாக வேலை செய்யாது.

எடுத்து வைப்பது

புயல் எச்சரிக்கை வந்ததுமே ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் குடிக்க என்று கணக்கு வைத்தால், நான்கு பேருக்கு ஐந்து நாளைக்கு 60 லிட்டர், மூன்று கேன். சமையலுக்குத் தனியாக வேண்டும். கேனைக் கழுவி, மேலே சொன்ன 1 சதவீதக் கரைசலில் சில சொட்டுகள் விட்ட தண்ணீரால் குலுக்கி அலசி, வாய் வரை நிரப்பி மூடி, தரையில் அல்லாமல் மேசைமேல் வையுங்கள். அகல வாய் குடத்தைவிட குறுகிய வாய் கேன் பாதுகாப்பானது. தம்ளரை விட்டு மொள்ளாமல் சாய்த்தோ குழாய் வைத்தோ எடுக்க வேண்டும்.

சம்ப்பே ஓட்டையாக இருந்தால்

பழைய செங்கல் சம்ப்களில் இதைப் பார்க்காமல் விட்டால் மேலே சொன்ன உழைப்பு அத்தனையும் வீண். மழைக்குப் பிறகு நிலத்தடி நீர்மட்டம் சம்ப்பின் அடியை விட மேலே நிற்கும். சுவரில் விரிசல் இருந்தால் வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே ஊறும். பக்கத்தில் செப்டிக் டேங்க் இருந்தால் ஊறுவது எது என்று சொல்ல வேண்டியதில்லை. கழுவிக் காலி செய்த அன்றிரவு, சப்ளை வால்வை அடைத்துவிட்டு மூடி வையுங்கள். காலையில் டார்ச் அடித்துப் பார்க்கும்போது அடியில் தண்ணீர் நின்றாலோ, சுவரில் ஈரக் கோடு ஓடினாலோ, ஊறுகிறது என்று பொருள். அந்த சம்ப்பில் இன்று எஞ்சிய குளோரின் 0.5 இருந்தாலும் நாளை காலை இருக்காது. விரிசலை அடைத்து உட்பூச்சு பூசும்வரை அந்தத் தண்ணீர் துணி துவைக்க மட்டும். குடிநீர் லாரியிலிருந்து நேரே கேனுக்கு.